படையைப் பார்த்தீர்கள், தாகத்தைக் கவனிக்கவில்லை: மழைக்கால நாய் பராமரிப்பு பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் கருப்பனுக்கு நான்கு வயது, 32 கிலோ. இந்த மழையில் பத்து நாளாகத் தெருவில் கெண்டைக்கால் அளவு தண்ணீர். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகமாட்டான் என்பதால் காலையும் மாலையும் அந்தத் தண்ணீரில்தான் நடத்திக் கூட்டிப்போனேன். இப்போது வயிற்றில் வட்ட வட்டமாகப் படை. விரலிடுக்கை நக்கிக்கொண்டே இருக்கிறான், உடம்பில் ஒரு புளித்த வாடை. எனக்குப் படைக்காகக் கொடுத்த களிம்பு வீட்டில் இருந்தது, அதை ஐந்து நாளாகத் தடவுகிறேன். சிவப்பு குறைந்தது, வட்டம் மட்டும் பரவுகிறது. மொட்டை அடித்துவிடலாமா? மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்குத் தொற்றிவிடும், நாயை எங்காவது விட்டுவிடு என்கிறார்கள் உறவினர்கள். எலிக்காய்ச்சல் பயம் இல்லை, குட்டியிலேயே எல்லா ஊசியும் போட்டாயிற்று. இரண்டு நாளாகச் சாப்பாடு சரியில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஆனால் தண்ணீர் நன்றாகக் குடிக்கிறான், கிண்ணத்தை நான்கு முறை நிரப்ப வேண்டியிருக்கிறது. அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மடலின் கடைசி வரிகளைப் படித்ததும்தான், "படையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். ஊசி போடுவதற்கு முன்பே ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லுங்கள்" என்று அன்றே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்று மாலையே போனீர்கள். பரிசோதனை முடிவுகளை எனக்கு அனுப்பியதோடு, பெயரில்லாமல் இங்கே எழுதவும் சம்மதித்தீர்கள். அதனால் இந்தப் பதிலை உத்தேசமாக இல்லாமல் கருப்பனின் ரிப்போர்ட்டை வைத்தே எழுத முடிகிறது.

தண்ணீர் நிறையக் குடிப்பது நல்ல அறிகுறியா?

சாப்பிடாத நாய் தண்ணீராவது குடிக்கிறதே என்று ஆறுதல்படுவது இயல்புதான். பல வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டு, வாந்தியும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிக்கிற நாயைப் பார்த்தால் எனக்கு முதலில் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும். நல்ல சிறுநீரகம் உடம்புக்கு வேண்டிய நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு சிறுநீரைக் கெட்டியாக்கி அனுப்பும். அடிபட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. பச்சைத் தண்ணீர் மாதிரி சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். போனதை ஈடுகட்டத்தான் நாய் கிண்ணத்தைத் தேடி ஓடுகிறது.

எவ்வளவு குடித்தால் அதிகம் என்று கண்ணளவில் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து கிண்ணத்தை நிரப்புங்கள். மறுநாள் அதே நேரம்வரை எத்தனை பாட்டில் ஆனது என்று குறித்துவைத்து, கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைக் கழித்துவிடுங்கள். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது சாதாரணத் தாகம் இல்லை. கருப்பனின் எடைக்கு அந்த எல்லை 3.2 லிட்டர். உங்கள் கிண்ணம் ஒரு லிட்டர் பிடிக்கும் என்று பிறகு சொன்னீர்கள். அப்படியானால் அவன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான்.

இதில் ஒரு குழப்பம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தடவிய களிம்பின் படத்தைப் பார்த்தேன். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்தது அது. நாய் களிம்பை நக்கிவிடும், கொஞ்சம் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஸ்டீராய்டு உள்ளே போனாலே நாய்க்குத் தாகமும் சிறுநீரும் கூடும். ஆகவே தாகம் மட்டும் இருந்திருந்தால் களிம்பின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வாந்தியும், சாப்பாட்டை ஒதுக்குவதும், அதற்கு முன் பத்து நாள் தெருத் தண்ணீரில் நடந்ததும் சேர்ந்து வந்ததால் அப்படி விட முடியவில்லை.

எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்கிற லெப்டோஸ்பைரோசிஸ் இப்படித்தான் ஆரம்பிக்கும். லெப்டோஸ்பைரா என்பது சுருள் வடிவப் பாக்டீரியா. எலியின் சிறுநீரகத்தில் தங்கி, எலிக்கு ஒன்றும் செய்யாமல், அதன் சிறுநீரில் வெளியே வந்துகொண்டே இருக்கும். காய்ந்த தரையில் சீக்கிரம் செத்துவிடும். ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை வந்தால் எலி வளைகளில் வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கண், வாய், மூக்கு இவற்றின் மென்மையான உட்பரப்பு வழியாகவும், சிராய்த்த தோல், நெடுநேரம் நனைந்து ஊறிய தோல் வழியாகவும் இது உடம்புக்குள் போகும். கருப்பனுக்கு நக்கி நக்கிப் புண்ணாகிப்போன விரலிடுக்கு இருந்தது, வயிற்றில் தோல் உரிந்த வட்டங்கள் இருந்தன. நீங்கள் தனியாக நினைத்த தோல் நோயே இந்தக் கிருமிக்கு வாசலாக இருந்திருக்கலாம்.

கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி நோய் தெரியத் தொடங்கும். காய்ச்சல், சோர்வு, தசைவலியால் எழுந்திருக்கத் தயங்குவது, வாந்தி, தாகம் ஆகியவை முதலில் வரும். கண் மஞ்சளாகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு. மஞ்சள் காமாலை எல்லா நாய்க்கும் வராது. கல்லீரல் தப்பித்துச் சிறுநீரகம் மட்டும் கெட்டுப்போகிற நாய்கள் உண்டு. அதோடு கருப்பன் மாதிரிக் கறுப்பு நாய்க்குப் பல நேரம் ஈறும் கறுப்பாக இருக்கும், மஞ்சள் தெரியாது. மேல் இமையைத் தூக்கி வெள்ளை விழியைப் பாருங்கள், காது மடலை மடக்கி உட்புறத்தைப் பாருங்கள், முடி குறைந்த அடிவயிற்றை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் ஏமாந்துபோவீர்கள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.1. இவ்வளவு பெரிய நாய்க்கு அது ஏறக்குறைய ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். சிறுநீரின் அடர்த்தி 1.012. வாந்தியால் உடம்பு வறண்டிருக்கிற நாய்க்கு இந்த எண் 1.030-ஐத் தாண்டி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உடம்பில் நீர் குறைந்ததால் மட்டும் கிரியேட்டினின் ஏறவில்லை, சிறுநீரகமே அடிபட்டிருக்கிறது என்று புரியும். ரத்தத் தட்டணுக்கள் 95 ஆயிரமாகக் குறைந்திருக்கின்றன. இது எலிக்காய்ச்சலிலும் குறையும், உண்ணிக் காய்ச்சலிலும் குறையும். மழை ஓய்ந்ததும் உண்ணியும் பெருகும் என்பதால் உங்கள் மருத்துவர் அதற்கும் சோதனை செய்தது சரிதான். அது இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் வந்த பிசிஆர் ரிப்போர்ட்டில் ரத்தத்தில் லெப்டோஸ்பைரா இருந்தது, சிறுநீரில் இல்லை.

ஊசிக்கு முன்னால் சாம்பிள் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போனாலே கிருமியின் தடயம் குறைந்துபோய் பிசிஆர் ஏமாற்றிவிடும். இதே காரணத்தால், மழையில் நனைந்த நாய் சோர்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே டாக்ஸிசைக்ளின் வாங்கிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாந்தி எடுக்கிற நாயின் வயிற்றில் அந்த மாத்திரை தங்கவும் தங்காது. அப்போது அதற்கு அவசரமாக வேண்டியது டிரிப்ஸ். காய்ச்சலுக்கு என்று மனிதர்களின் வலி மாத்திரைகளையும் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபன் போன்றவை ஏற்கெனவே தள்ளாடுகிற சிறுநீரகத்தை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடும்.

கருப்பனை நான்கு நாள் டிரிப்ஸில் வைத்திருந்து, வாந்தி நிற்கும்வரை ஆம்பிசிலினை நரம்பு வழியாகக் கொடுத்து, அப்புறம் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது கிரியேட்டினின் 1.9. மாத்திரை மொத்தம் 14 நாள், கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் காலையும் மாலையும் எழுதியிருக்கிறார். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், பாலோடும் கொடுக்காதீர்கள். கொஞ்சம் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். இரண்டாம் நாளே துள்ளுகிறான் என்று நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கிற கிருமியை வெளியேற்றுவதற்குத்தான் அந்த முழு 14 நாள். இந்த நாட்களில் சிறுநீர் அளவு திடீரென்று குறைந்தாலோ நின்றாலோ, நள்ளிரவானாலும் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். நிறையப் போவதைவிட அது மோசம்.

குட்டியில் போட்ட ஊசி இப்போது காக்குமா?

காக்காது. உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், இதில் குழம்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கு முதல் சுற்று ஊசிகள் முடிந்தபின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று படித்திருப்பீர்கள். அது சரியான தகவல்தான். ஆனால் எலிக்காய்ச்சல் ஊசிக்கு அது பொருந்தாது. அதன் பாதுகாப்பு ஏறக்குறைய ஓராண்டுதான் நிற்கும். முதல்முறை போடும்போது இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. விட்டு நாளானால் பெரும்பாலும் மறுபடி இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், இந்த நோய் உள்ள பகுதிகளில், பொருத்தமான தடுப்பூசி கிடைக்குமானால், இதை அடிப்படை ஊசிகளில் ஒன்றாகவே வைக்கிறது.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய ஊசி அட்டையில் இன்னொன்றையும் கவனித்தேன். இந்தக் கூட்டு ஊசி பல நேரம் இரண்டு சிறு குப்பிகளாக வரும். ஒன்றில் உலர்ந்த பொடி, அதில் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற வைரஸ் நோய்களுக்கானவை இருக்கும். எலிக்காய்ச்சல் மருந்து இருப்பது இன்னொரு குப்பியில், திரவமாக. அந்தத் திரவத்தை விட்டுத்தான் பொடியைக் கரைப்பார்கள். வெறும் கரைப்பான் நீரை விட்டுக் கரைத்தாலும் ஊசி போடலாம், ஆனால் அதில் எலிக்காய்ச்சலுக்கு எதுவும் இருக்காது. அட்டையில் ஒரே தேதிக்கு எதிரே இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, அதில் ஒன்றில் லெப்டோ என்றோ, பெயரின் கடைசியில் எல் என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கருப்பனின் அட்டையில் குட்டிப் பருவத்தில் இரண்டு முறை அது இருக்கிறது. அதற்குப் பின் மூன்று ஆண்டாக ரேபிஸ் ஊசியின் ஸ்டிக்கர் மட்டுமே.

ஊசி போட்ட நாய்க்கு இந்த நோய் வரவே வராது என்றும் சொல்ல மாட்டேன். லெப்டோஸ்பைராவில் பல வகைகள். ஊசியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை அல்லது நான்கு வகை. இரண்டும் கிடைக்குமானால் நான்கு வகை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நோய் வந்து குணமான நாய்க்கும் ஊசி வேண்டும். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு மற்ற வகைகளுக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது.

மருமகளுக்காக நாயை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். உறவினர்களின் பயம் நியாயமானது, அவர்கள் சொல்கிற தீர்வுதான் தவறு. இந்த நோய் நாயிடமிருந்து மனிதருக்கு வரும், கர்ப்பிணிக்கு வந்தால் கருவுக்கும் ஆபத்து, இரண்டும் உண்மை. ஆனால் தடவிக் கொடுத்ததாலோ பக்கத்தில் படுத்ததாலோ இது பரவுவதில்லை. பரவும் வழி சிறுநீர்தான். அந்த ஒரு வழியை அடைத்துவிட்டால் கருப்பன் வீட்டிலேயே இருக்கலாம்.

சிறுநீர் பிசிஆர் நெகட்டிவ் என்று வந்திருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். நோயின் முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் இருக்கும். சிறுநீரில் இறங்குவது அதற்குப் பிறகு, அதுவும் விட்டுவிட்டு. அன்றைக்கு இல்லை என்பதால் அடுத்த வாரமும் இருக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்கிய சில நாளில் இது நன்றாகக் குறைந்துவிடும் என்றாலும், மாத்திரை முடியும்வரை கவனமாக இருங்கள்.

சிறுநீர் கழிக்க மற்றவர்கள் நடக்காத, தண்ணீர் தேங்காத ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் காகிதத்தால் முழுக்க ஒற்றி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு பங்கு பிளீச்சில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். சிறுநீரின் மேலேயே நேராக பிளீச்சை ஊற்றாதீர்கள், மூச்சை முட்டும் வாயு வரும். குழாயால் பீய்ச்சி அடித்துக் கழுவினால் துளிகள் தெறித்து முகத்துக்கு வரும், அதுவும் வேண்டாம். இந்த வேலை எதையும் மருமகள் செய்யக் கூடாது. அவருடைய மகப்பேறு மருத்துவரிடம், வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முன்னெச்சரிக்கை என்று அவராக டாக்ஸிசைக்ளின் போட்டுக்கொள்ள வேண்டாம், கர்ப்பத்தில் அதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

உண்மையில் எனக்கு மருமகளைவிட உங்களைப் பற்றித்தான் யோசனை. பத்து நாள் காலையும் மாலையும் அதே தண்ணீரில் நின்றவர் நீங்கள். அடுத்த சில வாரத்தில் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் தசையில் அழுத்தினால் வலி, கண் சிவப்பு இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய், வெள்ளத்தில் நடந்ததையும் நாய்க்கு வந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது சாதாரண வைரஸ் காய்ச்சலாகப் போய்விடும்.

படை என்று நீங்கள் நினைத்தது

வட்டமாக இருந்தாலே படை என்பது மனிதத் தோலை வைத்து நாம் போடுகிற கணக்கு. நாயின் அடிவயிற்றில் வட்டமாகத் தோல் உரிந்து, விளிம்பில் மெல்லிய பொருக்கு நின்று, நடு இடம் வழவழப்பாகவோ கறுத்தோ இருந்தால் அது பல நேரம் பாக்டீரியாவின் வேலை. சிறு சீழ்க்கொப்புளம் உடைந்து, உரிந்த தோல் வட்டமாக விலகிக்கொண்டே போகும். கருப்பனுக்கு அதுதான். தோலில் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டி எடுத்து, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். வயிற்றில் எடுத்ததில் உருண்டைப் பாக்டீரியாக்கள். விரலிடுக்கில் எடுத்ததில் நடுவில் இடுங்கிய நிலக்கடலைத் தோடு போல மலசீசியா என்ற பூஞ்சை. நீங்கள் சொன்ன புளித்த வாடை அதனுடையது. உள்ளங்கால் முடி செம்பழுப்பாகியிருப்பது எச்சில் கறை, எவ்வளவு நாளாக நக்குகிறான் என்பதற்கு அத்தாட்சி.

உங்கள் களிம்பு ஏன் பாதி வேலை செய்தது என்பது இப்போது புரியும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கியது, அதோடு தோலின் எதிர்ப்பையும் அடக்கியது. பூஞ்சை மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. அதனால் நிறம் தெளிந்து வட்டம் பெரிதானது. ஒருவேளை அது உண்மையான படையாகவே இருந்திருந்தாலும் இந்தக் கலவையால் உருமாறி, சோதனையில் கண்டுபிடிப்பதே கடினமாகியிருக்கும். உண்மையான படையில் முடி வேரோரம் ஒடிந்து, சாம்பல் செதிலோடு இருக்கும். வீட்டில் யாருடைய கையிலாவது வட்டத் தடிப்பும் அரிப்பும் வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அப்போது முடியைப் பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள், முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். கருப்பன் விஷயத்தில் இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. இப்போது அவனுக்கு இருக்கிற பாக்டீரியாவும் மலசீசியாவும் வீட்டாருக்குச் சாதாரணமாக ஒட்டிக்கொள்பவை அல்ல.

எழுதிக்கொடுத்திருக்கிற ஷாம்புவில் 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடினும் 2 சதவீதம் மைகோனசோலும் இருக்கின்றன. பாக்டீரியா, பூஞ்சை இரண்டுக்கும் அதுவே போதும். வாரம் இரண்டு முறை. இந்த ஷாம்பு பலன் தரவில்லை என்று சொல்கிறவர்களிடம் எத்தனை நிமிடம் ஊறவிட்டீர்கள் என்று கேட்டால், தேய்த்ததும் அலசிவிட்டோம் என்பார்கள். மருந்து தோலில் பத்து நிமிடம் நின்றாக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நக்கவிடாமல் பிடித்திருங்கள். அப்புறம் வழவழப்புப் போகும்வரை அலசுங்கள். தோலுக்கு நல்லது என்று மேலே எண்ணெய் தடவ வேண்டாம். ஈரத்தையும் வெப்பத்தையும் உள்ளே பூட்டி வைத்ததாக ஆகும், மலசீசியாவுக்கு அந்தக் கொழுப்பு தீனி.

மொட்டை அடிக்காதீர்கள். லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. மேல்முடி முரடாக, தண்ணீரைத் தள்ளிவிடும். கீழே பஞ்சு மாதிரி அடர்ந்த உள்முடி. மழையில் நனைந்து வந்த நாயை நீங்கள் துடைத்ததும் மேல்முடி பத்து நிமிடத்தில் காய்ந்து பளபளக்கும், உள்முடி மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தோல் கெடுவது அந்த மறைந்த ஈரத்தில்தான். வால் தொடங்கும் இடம், முன்னங்கால் மூட்டின் பின்புறம், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, இந்த நான்கு இடத்தில் விரலை முடியின் போக்குக்கு எதிராக ஓட்டித் தோலைத் தொடுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. துண்டால் பரபரவென்று தேய்க்காமல் அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல், முடியைப் பிரித்துப் பிரித்துக் காட்டுங்கள். நனைந்த கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். முடி வெட்ட வேண்டிய இடம் உள்ளங்கால் திண்டுகளுக்கு நடுவில் மட்டும், அதுவும் திண்டின் மட்டத்துக்கு.

தெருவில் தண்ணீர் நிற்கும்போது

வீட்டுக்குள் போகமாட்டான் என்பதை மாற்ற முடியும், அதுதான் அடுத்த மழைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. மூடிய வாசலிலோ பால்கனியிலோ ஒரு அகலத் தட்டில் மண்ணோ புல்தரைத் துண்டோ வைத்து, காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும் அங்கே வாரில் கட்டிக் கொண்டுபோய் நில்லுங்கள். அவனுடைய பழைய சிறுநீரில் நனைத்த காகிதம் ஒன்றைத் தட்டில் போட்டால் வாசனையைப் பிடித்துக்கொள்வான். ஆனால் இதை மாத்திரை முடிந்தபின் ஆரம்பியுங்கள், இப்போது அந்தக் காகிதத்தைத் தொட வேண்டாம். தெரு மேல் பிடிவாதமாக இருக்கிற நாய் முதல் நாள் நெடுநேரம் அடக்கிக்கொண்டு உங்களைத்தான் முறைக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

போயே ஆக வேண்டும் என்றால் மேடான பக்கமாக, குட்டை வாரில். விளக்குக் கம்பம், மின்பெட்டி பக்கம் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவே வேண்டாம். தண்ணீருக்குள் மின்கசிவு இருந்தால் செருப்பில்லாத நான்கு நனைந்த கால்தான் முதலில் அடி வாங்கும். நாய் திடீரென்று கத்தி விழுந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள், மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகுதான். தேங்கிய தண்ணீரை நக்கவிடக் கூடாது, கிருமி வாய் வழியாகவும் போகும். கிளம்புமுன் வீட்டில் குடிக்க வைத்துவிட்டால் பாதிப் போராட்டம் குறையும்.

நாய்க்கான ரப்பர் காலுறைகள் கண்ணாடிச் சில்லிலிருந்து காக்கும், ஆனால் தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டிவிட்டால் அழுக்குத் தண்ணீரிலேயே பாதத்தை ஊறவைத்ததாகிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததுமே கழற்றுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் கிருமி ஏறாது என்று சிலர் நம்புகிறார்கள். வெடித்த திண்டை மிருதுவாக்கும், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் கையுறையோடு, ஓடுகிற நல்ல தண்ணீரில் கால்களையும் அடிவயிற்றையும் அலசுங்கள். ஒவ்வொரு விரலாக விரித்து இடைத்தோலில் வெட்டு, சிவப்பு, முள் பாருங்கள், நக அடியையும் பாருங்கள். தரை துடைக்கிற கிருமிநாசினியைக் காலுக்குப் போட வேண்டாம். ஏற்கெனவே நொந்த தோலை எரித்து, நக்குவதைக் கூட்டும். இடுக்கை ஒற்றி உலர்த்துங்கள். ஆழமான வெட்டு இருந்தால் அது ஆறி மூடும்வரை கட்டுப்போட்டாவது தெருத் தண்ணீருக்குள் கால் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், கட்டு அந்தத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, தெருவுக்குப் போகாமலும் எலிக்காய்ச்சல் வரும். வளை மூழ்கிய எலிகள் வீட்டுக்குள் ஏறும் காலம் இது. இரவு மிச்சம் வைத்த நாய்க் கிண்ணம் அவற்றுக்கு அழைப்பு. வந்து தின்கிற இடத்திலேயே சிறுநீரும் விடும். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். வெளியே வைத்த தண்ணீர்த் தொட்டியையும் இரவில் கொட்டிவிடுங்கள்.

மாத்திரை முடிந்ததும் கருப்பனுக்குக் கிரியேட்டினினும் சிறுநீர் அடர்த்தியும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தினமும் குடிக்கிற தண்ணீரை அளந்து எழுதிவையுங்கள், எடையையும் வாரம் ஒருமுறை. கிரியேட்டினின் 1.9-லேயே நின்றுவிட்டால் உணவை மாற்ற வேண்டியிருக்கும், அதை அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் பேச முடியும். நன்றாகத் தேறியிருந்தால் எலிக்காய்ச்சல் ஊசியின் முதல் தவணையை எப்போது போடலாம் என்று அன்றே கேட்டுத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது தவணை அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள். இனி ஆண்டு ஊசியை மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பாக வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.